பழைய கேமுக்கு மறுபடியும் பணம் கொடுக்கலாமா?

2005 ஜனவரியில் நின்டெண்டோவின் கேம்கியூப் கான்சோலுக்கென ஒரு வீடியோ கேம் வெளியானது. ‘ரெசிடென்ட் ஈவில் 4’ என்று பெயர். தயாரித்தது ஜப்பானின் கேப்காம் நிறுவனம். இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அமெரிக்க அதிபரின் மகளை யாரோ கடத்திவிடுகிறார்கள். அவளைத் தேடி லியோன் கென்னடி என்ற அதிகாரி ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குத் தனி ஆளாகப் போகிறான். கதை சாதாரணமானதுதான். ஆனால் நாயகனின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்துத் துப்பாக்கியைக் குறிபார்க்க வைத்த விதம், அதன் பிறகு வந்த எத்தனையோ கேம்களின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது.

அந்த ஒரே கேம் அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. 2007-ல் கணினிக்கும் வீ கான்சோலுக்கும் வந்தது. 2011-ல் ‘எச்டி’ என்ற பட்டத்தோடு பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், 2014-ல் மறுபடியும் கணினிக்கும், 2016-ல் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும், 2019-ல் ஸ்விட்ச்சுக்கும், 2021-ல் கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் கருவிக்கும் வந்தது. கடைசியாக 2023 மார்ச்சில் அடியிலிருந்து புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான். ஒவ்வொரு முறையும் தனி விலை. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றல்ல. சிலவற்றில் மூலத்தைவிடத் தரம் குறைந்தது, சிலவற்றில் கூடியது, ஒன்று வேறு கேமாகவே ஆகிவிட்டது. எது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் பழைய பாசத்தில் வாங்கினால் காசு வீணாகலாம். தெரிந்துகொண்டு வாங்கினால், இருபது ஆண்டுக்கு முன் ரசித்த ஒன்றை அதைவிட நன்றாக ரசிக்கலாம்.

மூன்று அடுக்குகள்

எந்த கேமையும் மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முதல் அடுக்கு நிரல். கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், எதிரி எப்போது பாய வேண்டும், திரையில் எதை எந்த வரிசையில் வரைய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள் இதில் அடங்கும். இரண்டாவது அடுக்கு கலைப்பொருட்கள். பாத்திரங்களின் உருவங்கள், சுவர்களின் மேல் ஒட்டியிருக்கும் படங்கள், குரல், இசை எல்லாம் இதில் சேரும். மூன்றாவது அடுக்கு வடிவமைப்பு. லியோன் எவ்வளவு வேகமாக நடப்பான், ஓர் அறையில் எத்தனை எதிரிகள், எத்தனை தோட்டா கிடைக்கும் போன்ற முடிவுகள் இவை. விளையாடுபவரின் மனதில் ‘இது அந்த கேம்’ என்று பதிவது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான்.

போர்ட் என்றால், கலைப்பொருட்களையும் வடிவமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, நிரலை மட்டும் வேறு கருவியில் ஓடும்படி மாற்றுவது. ரீமாஸ்டர் என்றால், பழைய எலும்புக்கூட்டை விட்டுவைத்து, மேலே இருக்கும் படங்களையும் வெளிச்சத்தையும் ஒலியையும் மெருகேற்றுவது. ரீமேக் என்றால், பழையதை எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டே மூன்று அடுக்குகளையும் புதிதாகச் செய்வது. சினிமா பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1964-ல் வந்த ‘கர்ண’னை டிஜிட்டலில் சீர்செய்து 2012-ல் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்களே, அது ரீமாஸ்டர், சிவாஜி அதே சிவாஜிதான். ரஜினி நடித்த ‘பில்லா’வை 2007-ல் அஜித்தை வைத்து எடுத்தது ரீமேக்.

சிக்கல் என்னவென்றால், கேம் நிறுவனங்கள் இந்தச் சொற்களை அட்டையில் ஒழுங்காகப் போடுவதில்லை. ‘எச்டி’, ‘அல்டிமேட்’, ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று விதவிதமான பட்டங்கள் வரும். இவற்றுக்கு எந்த வரையறையும் கிடையாது. சாதாரண போர்ட்டுக்கும் ‘எச்டி’ என்று பெயர் வைக்கலாம். ஆகவே அட்டையை விட்டுவிட்டு, மூன்று அடுக்கில் எதைத் தொட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதே வழி.

இடம் மாறும்போது இழப்பது

ரெசிடென்ட் ஈவில் 4-இன் முதல் போர்ட்டே நல்ல பாடம். கேம்கியூபின் திறனைக் கணக்கில் வைத்து வரைந்த காட்சிகளை பிளேஸ்டேஷன் 2-க்குள் அடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கான்சோலின் கிராஃபிக்ஸ் சிப்புக்கென இருந்த நினைவகம் வெறும் 4 மெகாபைட். உருவங்களின் நுணுக்கத்தைக் குறைத்தார்கள், வெளிச்ச விளைவுகளைக் குறைத்தார்கள். கதைக் காட்சிகளை கேம்கியூப் அந்த நொடியிலேயே வரைந்து காட்டியது. பிளேஸ்டேஷன் 2-ல் அவற்றை முன்கூட்டியே வீடியோவாகப் பதிவுசெய்து வைத்து ஓட்டினார்கள். இதனால் லியோனுக்கு நீங்கள் வேறு உடை மாட்டியிருந்தாலும் கதைக் காட்சியில் அவன் பழைய உடையிலேயே வந்து நிற்பான். அதற்கு ஈடாக ஒன்றும் கொடுத்தார்கள். ஏடா வோங் என்ற பெண்ணை வைத்து ‘செபரேட் வேஸ்’ என்ற தனிக் கிளைக்கதை இந்தப் பதிப்பில்தான் முதலில் வந்தது.

2007-ல் வந்த கணினிப் பதிப்பு, போர்ட் எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. தரம் குறைந்த பிளேஸ்டேஷன் 2 பதிப்பையே அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். வெளியான நாளில் நிழலும் சில வெளிச்ச விளைவுகளும் இல்லை. பிறகு தனியாக ஒரு திருத்தம் கொடுத்துத்தான் அதைச் சேர்த்தார்கள். கணினியில் துப்பாக்கிச் சண்டை என்றால் மவுஸால் குறிபார்ப்பதுதான் வழக்கம். இதில் மவுஸே வேலை செய்யாது. ஆபத்து வரும் நொடியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று திரையில் வரும் குறிப்பு, விசைப்பலகையின் எழுத்தைக் காட்டாமல் கன்ட்ரோலர் பொத்தானின் எண்ணைக் காட்டும். அது எந்த விசை என்று யோசிப்பதற்குள் லியோன் செத்துப்போவான்.

அதே 2007-ல் வந்த வீ பதிப்பும் போர்ட்தான். ஆனால் அது பலருக்கும் மிகப் பிடித்த பதிப்பாக ஆனது. வீ கான்சோலின் உள்ளமைப்பு கேம்கியூபின் நேரடி வாரிசு. அதனால் மூலக் காட்சித் தரத்தை அப்படியே கொண்டுவர முடிந்தது. ஏடாவின் கிளைக்கதையையும் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீ ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டிக் குறிபார்க்கும் வசதி அந்தக் கருவிக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போர்ட்டை எடைபோட இரண்டு கேள்விகள் கிடைக்கும். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள்? புதிய கருவியின் கைப்பழக்கத்துக்கு ஏற்றபடி கட்டுப்பாட்டை மாற்றினார்களா? 2019-ல் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது இரண்டாவது கேள்வியில்தான் கேப்காம் தவறியது. ஸ்விட்ச்சின் கன்ட்ரோலரில் அசைவை உணரும் கருவி இருக்கிறது. இருந்தும் வீயில் எல்லோரும் கொண்டாடிய அந்தக் குறிபார்க்கும் முறையைக் கொடுக்கவில்லை. விலை மட்டும் 30 டாலர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கணினிக்கு 20 டாலருக்கு விற்ற அதே கேம் அது.

போர்ட் என்றாலே பழைய கேம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023-ல் செய்த புத்தம் புதிய ரீமேக்கை அதே ஆண்டு டிசம்பரில் ஐபோன் 15 புரோவுக்குக் கொண்டுவந்தார்கள். ரீமேக்கின் போர்ட் அது. போர்ட், ரீமாஸ்டர், ரீமேக் மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒரே கேமுக்கு மூன்றும் நடக்கலாம்.

மெருகேற்றும் வேலை ஏன் பிசகுகிறது?

2005-ல் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கனமான பழைய டிவி. அதன் திரை கொஞ்சம் மங்கலாகக் காட்டும். அந்த மங்கலை நம்பியே கலைஞர்கள் சின்னச் சின்னப் படங்களைச் சுவரிலும் தரையிலும் ஒட்டினார்கள். இன்றைய பெரிய தட்டைத் திரையில் அதே படத்தை விரித்தால் கல்சுவர், கஞ்சி கொட்டிய துணிபோல் தெரியும். இதைச் சரிசெய்வதே ரீமாஸ்டரின் முதல் வேலை. படங்களைக் கணினியை வைத்துத் தானாகப் பெரிதாக்குவது சுலபமான வழி. ஒவ்வொன்றையும் மனிதர் உட்கார்ந்து மறுபடி செய்வது கடினமான வழி.

கடினமான வழி எப்படி இருக்கும் என்பதை இரண்டு ரசிகர்கள் காட்டினார்கள். 2014-ல் கேப்காம் வெளியிட்ட ‘அல்டிமேட் எச்டி’ கணினிப் பதிப்பில் எல்லாப் படங்களும் சீராக மேம்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இருவர் தங்கள் சொந்த நேரத்தில் இறங்கினார்கள். கேப்காம் கலைஞர்கள் ஐரோப்பாவில் எந்தெந்த இடங்களில் புகைப்படம் எடுத்து இந்தச் சுவர்களையும் கதவுகளையும் செய்தார்கள் என்று துப்பறிந்து, அந்த இடங்களுக்கே நேரில் போய் அதே கற்களை மறுபடி படமெடுத்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2022 பிப்ரவரியில் ‘ரெசிடென்ட் ஈவில் 4 எச்டி புராஜெக்ட்’ என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள். 2014 பதிப்பு கையில் இருந்தால் போதும், அதன்மேல் இதைப் பொருத்திக்கொள்ளலாம். மூலக் கலைஞர்கள் மனதில் வைத்திருந்தது என்ன என்று தேடிப்போய், அதைமட்டும் கூர்மையாக்கினார்கள். நல்ல ரீமாஸ்டருக்கு இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் பார்த்ததில்லை.

சுலபமான வழியில் போனால் என்னாகும் என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த கேமே சாட்சி. இரண்டாயிரங்களில் வீட்டில் கணினி வைத்திருந்த, அல்லது பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’யும் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ உம் தெரியாதவர்கள் குறைவு. ‘ஜிடிஏ 3’-ஐயும் சேர்த்து இந்த மூன்றையும் 2021 நவம்பரில் ராக்ஸ்டார் நிறுவனம் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று 60 டாலருக்கு விற்றது. வேலையை வெளியில் ஒரு சிறிய ஸ்டூடியோவிடம் கொடுத்திருந்தார்கள். படங்களைப் பெருமளவில் தானாகப் பெரிதாக்கியதால் கடைப் பலகைகளில் எழுத்துகள் பிழையாயின. ஒரு டோனட் கடையின் மேல் பெரிய அறுகோண நட்டு ஒன்று இருக்கும். கடையின் பெயரில் இருக்கும் வார்த்தை விளையாட்டே அந்த நட்டுதான். முனைகளையெல்லாம் வழவழப்பாக்கிய வேகத்தில் அது வெறும் வட்டமாகிவிட்டது. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் அடர்ந்து சாலையே தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பனிமூட்டம். பழைய சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தில் எப்போதும் ஒரு புகைமூட்டம் இருக்கும். பிளேஸ்டேஷன் 2-ஆல் வெகு தூரம் வரை வரைய முடியாது என்பதால் வைத்தது அது. ஆனால் அதுவே அந்த நிலப்பரப்பைப் பெரிதாகக் காட்டியது. ஊருக்கு ஊர் நெடுந்தொலைவு போவதுபோல் இருந்தது. ரீமாஸ்டரில் மூட்டத்தை நீக்கியதும் ஒரு நகரத்தின் மலையில் நின்றால் அடுத்த நகரம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. எதையும் வெட்டவில்லை, ஊர் மட்டும் சுருங்கிவிட்டது. கருவியின் குறையை மறைக்கச் செய்த காரியம் காலப்போக்கில் கலையின் பகுதியாகிவிடும் என்பது புரியாதவர்கள் கையில் ரீமாஸ்டர் சிக்கினால் இதுதான் நடக்கும். 2024 நவம்பரில் வந்த திருத்தத்தில் பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் திரும்பக் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்து முதல் நாள் வாங்கியவர்கள் அதற்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பிசகும் உண்டு. திரையில் ஒரு நொடிக்கு 30 படங்கள் மாறினால் அசைவு சுமாராக இருக்கும். 60 மாறினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே ரீமாஸ்டர் செய்பவர்கள் 30-ஐ 60 ஆக்குவதைப் பெருமையாக விளம்பரம் செய்வார்கள். ஆனால் பல பழைய கேம்கள் நேரத்தையே இந்தப் படங்களை எண்ணித்தான் அளக்கின்றன. எண்ணிக்கை இரட்டிப்பானால் கேமின் கடிகாரம் குழம்பும். ரெசிடென்ட் ஈவில் 4-இன் 2014 பதிப்பில், ஒரு பொத்தானை வேகவேகமாக அழுத்தித் தப்பிக்க வேண்டிய இடங்கள் 60-ல் கூடுதல் கடினமாகிவிட்டன. அதே ஆண்டு கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ் 2’-ல் ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. விளையாடியவர்கள் தங்கள் ஆட்டத்தில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். காரணம் இந்தக் கணக்குதான்.

ரீமேக்: வேறு கேம்

2023-ல் வந்த ரீமேக்கில் கிராஃபிக்ஸ்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் பெரிய மாற்றம் அதுவல்ல. பழைய கேமில் லியோன் துப்பாக்கியை உயர்த்தினால் நின்ற இடத்தில் உறைந்துவிடுவான். நடந்துகொண்டே சுட முடியாது. இது குறைபோலத் தெரியும். ஆனால் மொத்த கேமும் இதன்மேல்தான் கட்டப்பட்டிருந்தது. கோடாரியோடு ஓடிவரும் கிராமத்தான் உங்களை நெருங்கியதும் வேகத்தைக் குறைப்பான், ஒரு கணம் தயங்குவான். நின்று குறிபார்க்க அந்தத் தயக்கம் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம். ஓடுவதா, நின்று சுடுவதா என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்க வேண்டும். பதற்றம் அதிலிருந்துதான் பிறந்தது.

ரீமேக்கில் லியோன் நடந்துகொண்டே சுடுகிறான். இந்த ஒன்றை மாற்றியதும் மற்ற எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டியிருந்தது. நடக்க முடிகிறவனைப் பழைய மெதுவான எதிரிகள் ஒன்றும் செய்ய முடியாது. எனவே எதிரிகள் வேகமானார்கள், பக்கவாட்டில் வளைத்தார்கள். அப்படி வளைத்தால் விளையாடுபவருக்குத் தற்காப்பு வேண்டும். அதற்காகக் கத்தியால் அடியைத் தடுக்கும் வசதி வந்தது. தடுத்துக்கொண்டே இருந்தால் பயம் போய்விடும். அதனால் கத்தி தேய்ந்து உடையும்படி செய்தார்கள். பழைய கேமில் கத்தி உடைவதே இல்லை. இப்படி ஒரு முடிவு அடுத்த முடிவைப் பிறப்பித்து, கடைசியில் அதே கிராமம், அதே ஆட்கள், ஆனால் வேறு கேம் என்றாகிவிட்டது.

சில இடங்களில் ரீமேக் தெளிவாக முன்னேறியிருக்கிறது. கிராவுசருடன் நடக்கும் கத்திச் சண்டை பழையதில் வீடியோபோல் ஓடும். சொன்ன நேரத்தில் சொன்ன பொத்தானை அழுத்தினால் போதும். ரீமேக்கில் அது நாமே நின்று போராடும் உண்மையான சண்டை. லூயிஸ் என்ற துணைப் பாத்திரத்துக்குக் கதையில் இடம் கூடியது. சில இழப்புகளும் உண்டு. லேசர் கதிர்கள் பாயும் நடைவழியில் லியோன் குட்டிக்கரணம் அடித்துத் தப்பும் புகழ்பெற்ற காட்சி முதன்மைக் கதையில் இல்லை. பிளேஸ்டேஷன் 2-ல் கேமோடு சேர்ந்தே வந்த ஏடாவின் கிளைக்கதை ரீமேக்கில் ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில், தனியாக 10 டாலருக்கு வந்தது. அந்த லேசர் காட்சியும் இந்தக் கிளைக்கதையில்தான் வேறு வடிவில் தலைகாட்டியது.

ஆகவே, ‘பழையதைவிட ரீமேக் சிறந்ததா?’ என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும் இரண்டு கேம்கள், இரண்டும் விளையாடத் தகுந்தவை. கேப்காம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. ரீமேக் வந்த பிறகும் 2005-இன் கேமை அதன் 2014 கணினிப் பதிப்பாக விற்பனையிலேயே வைத்திருந்தது. ராக்ஸ்டார் நேர்மாறாக நடந்துகொண்டது. ரீமாஸ்டர் வெளியாவதற்கு முந்தைய மாதமே பழைய மூன்று ஜிடிஏ கேம்களையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ரசிகர்கள் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் திரும்ப வைத்தது. புதியது பழையதின் பக்கத்தில் நிற்கலாம். பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் நிற்கக் கூடாது. ஒரு நாவலின் புதிய பதிப்பு வந்தால் நூலகத்தில் பழையதைக் கொளுத்த யாரும் சம்மதிக்க மாட்டோம். கேமுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

வாங்கலாமா?

முதல் கேள்வி: கையில் இருப்பது இன்னும் ஓடுகிறதா? பலர் இதைச் சோதிக்காமலே புதியதை வாங்கிவிடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 4-இன் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் அப்படியே ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், தன் பட்டியலில் உள்ள எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளையும் ஏற்றுக்கொள்ளும். கணினி டிஸ்க்குகளின் கதைதான் சோகம். அந்தக் காலத்தில் திருட்டு நகலைத் தடுக்க ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டைப் பல கேம்களில் வைத்தார்கள். விண்டோஸ் 10 வந்தபோது பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அந்தப் பூட்டுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. டிஸ்க் பழுதாகவில்லை, நீங்கள் காசு கொடுத்துதான் வாங்கினீர்கள், இருந்தும் கேம் திறக்காது. இப்படிப்பட்ட நிலையில் இன்றைய விண்டோஸுக்குச் சரிசெய்த போர்ட்டை வாங்குவது நியாயமான செலவு. 2024-ல் ஜிஓஜி என்ற இணையக் கடை ரெசிடென்ட் ஈவிலின் முதல் மூன்று கேம்களையும் இப்படிச் சீர்செய்து, எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. இறக்கிச் சேமித்துவைத்துக்கொள்ளலாம், கடையே மூடினாலும் கேம் உங்களிடம் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: ஏற்கெனவே வாங்கியவருக்கு என்ன விலை? ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வரலாற்றைப் பாருங்கள். 2013-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2014-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு ரீமாஸ்டர். 2022-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு 70 டாலரில் மறுபடியும் முழுதாகச் செய்த பதிப்பு. முன்பு வாங்கியவர்களுக்குச் சலுகை எதுவும் இல்லை. பலர் சேர்ந்து விளையாடும் பகுதி முதல் இரண்டிலும் இருந்தது. விலை கூடிய மூன்றாவதில் அதை நீக்கியிருந்தார்கள். அதே கேமின் இரண்டாம் பாகத்தை 2024-ல் ரீமாஸ்டர் செய்தபோது நிலைமை மாறியது. பழைய பதிப்பு வைத்திருந்தவர்கள் 10 டாலர் கட்டினால் புதியது கிடைத்தது. ரீமாஸ்டருக்கு இதுதான் நேர்மையான விலை முறை. பழைய எலும்புக்கூட்டுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தவர், மெருகுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இந்த வழி இல்லாத ரீமாஸ்டரைத் தள்ளுபடி வரும்வரை தொடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: உங்கள் கருவிக்கு எது பொருந்தும்? ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பள்ளி நாட்களில் பிளேஸ்டேஷன் 2-ல் ரெசிடென்ட் ஈவில் 4 விளையாடிய ஒருவரிடம் இப்போது அந்தக் கான்சோல் இல்லை. சாதாரண லேப்டாப் மட்டும் இருக்கிறது. ரீமேக் ஓட குறைந்தபட்சம் 8 ஜிபி ராமும், 4 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவிலான கிராஃபிக்ஸ் கார்டும் தேவை என்று கேப்காம் சொல்கிறது. அது இல்லையென்றால் பணம் கொடுத்தும் படம் நகராது. 2014 பதிப்போ பழைய லேப்டாப்பிலும் ஓடும். விலையும் குறைவு, தள்ளுபடிக் காலத்தில் இன்னும் குறையும். லேப்டாப் தாங்கினால் ரசிகர்களின் இலவச எச்டி புராஜெக்டையும் மேலே பொருத்தலாம். ஏடாவின் கிளைக்கதையும் உள்ளேயே இருக்கிறது. அன்று விளையாடியதைத்தான் மறுபடி விளையாட விரும்புகிறார் என்றால் அவருக்கு இதுவே சரி. நல்ல கருவி இருந்து, அந்தக் கதைக்குள் புதிய கண்ணோடு நுழைய ஆசை என்றால் ரீமேக்கை எடுக்கலாம். அதையும் உடனே வாங்க வேண்டியதில்லை. முதல் கிராமச் சண்டை வரை விளையாடிப் பார்க்க கேப்காம் இலவச டெமோ கொடுத்திருக்கிறது. தன் லேப்டாப்பில் ஓடுகிறதா, மாறிய வேகம் பிடிக்கிறதா என்ற இரண்டுக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

டெமோ இல்லாத கேம்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஸ்டீம் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் கதையில் மூழ்கிவிடாமல் சிலவற்றைச் சோதியுங்கள். மவுஸோ கன்ட்ரோலரோ, நீங்கள் பயன்படுத்துவதில் குறிபார்ப்பது இயல்பாக இருக்கிறதா? திரையில் வரும் பொத்தான் குறிப்புகள் உங்கள் கையில் இருப்பதோடு பொருந்துகின்றனவா? சண்டை சூடு பிடிக்கும்போது படம் திக்குகிறதா? நினைவில் நிற்கும் பாட்டு இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி சின்ன விஷயமல்ல. கேமில் வரும் பாடல்களின் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். வைஸ் சிட்டியின் வானொலியில் ஒலித்த மைக்கேல் ஜாக்சன் பாடல்கள் பிற்காலப் பதிப்புகளில் இல்லை. 2014-ல் ஸ்டீமில் வந்த ஒரு திருத்தம், ஏற்கெனவே வாங்கியவர்களின் சான் ஆண்ட்ரியாஸிலிருந்தே பல பாடல்களை நீக்கியது.

சுருக்கமாக என் தீர்ப்பு இது. பழையது ஓடவில்லை என்றால் நல்ல போர்ட்டை வாங்குங்கள். பழையது ஓடுகிறது என்றால் ரீமாஸ்டருக்கு மெருகின் விலையை மட்டும் கொடுங்கள். ரீமேக்கைப் புதிய கேமாக எண்ணி, புதிய கேமுக்குரிய எதிர்பார்ப்போடும் சந்தேகத்தோடும் அணுகுங்கள். மூன்றில் எதையும் வெளியாகும் முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்யாதீர்கள். முதல் வாரத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பழைய கேம் எங்கேயும் ஓடிப்போகாது. ஓடிப்போகும் என்று நிறுவனம் அறிவித்தால், விற்பனையிலிருந்து எடுப்பதற்கு முன் முதலில் வாங்கிவைக்க வேண்டியது அந்தப் பழையதைத்தான்.